குட்டைக்கு மறுகால் எத்தனை அடி? 14 நிமிட மழையில் இருக்கிறது விடை

மணப்பாறைப் பக்கம் ஒரு மானாவாரி விவசாயியின் குட்டைக் கரை ஐப்பசி மழையில் உடைந்தது. உடைந்த இடத்தைப் பார்க்கப் போனபோது அவர் கேட்ட கேள்வி இது: "சார், போன வருசம் ஒரே நாள்ல 14 சென்டிமீட்டர் மழை. கரைக்கு ஒண்ணும் ஆகல. இந்த வருசம் வெறும் 8 சென்டிமீட்டர்தான். அதுக்குள்ள எப்படி சார் உடையும்?"

மண் சரியில்லையா, நண்டு வளை இருந்ததா என்று முதலில் பார்த்தோம். அப்படி எதுவும் இல்லை. கரையின் மேற்புறம் தண்ணீர் வழிந்து, பின்சரிவை அரித்து, அங்கிருந்துதான் உடைப்பு தொடங்கியிருந்தது. அதாவது வந்த தண்ணீருக்கு மறுகால் போதவில்லை. மறுகாலை எந்தக் கணக்கில் 5 அடி விட்டீர்கள் என்று கேட்டேன். "இங்க எல்லாரும் அஞ்சடிதான் விடுறாங்க" என்றார்.

பண்ணைக்குட்டை, கசிவுநீர்க் குட்டை, தடுப்பணை, வயல் வரப்பின் வடிகால் என எதை எடுத்துக்கொண்டாலும் அளவு தெரியாமல் விடும் இடம் இந்த மறுகால்தான். எவ்வளவு தண்ணீர் தேங்கும் என்பதை அளந்து வெட்டுகிறோம். ஆனால் பெருமழையில் ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வந்து மோதும் என்பதைக் கணக்கிடுவதில்லை. சிறிய நீர்ப்பிடிப்பு நிலத்துக்கு இதைக் கணக்கிட ஒரு எளிய முறை உண்டு. பொறியாளர்கள் அதை 'ரேஷனல் முறை' என்பார்கள். அயர்லாந்தில் மல்வானி என்ற பொறியாளர் 1851-ல் சொன்ன கருத்து அது. இன்றும் உலகம் முழுவதும் புழக்கத்தில் இருக்கிறது.

மூன்றே விவரங்கள்

சூத்திரம் இதுதான்:

Q = C × I × A ÷ 360

Q என்பது உச்ச நேரத்தில் ஒரு நொடிக்கு வரும் தண்ணீர், கனமீட்டரில். A என்பது நம் குட்டைக்குத் தண்ணீர் தரும் நிலத்தின் பரப்பு, ஹெக்டேரில். I என்பது மழையின் வேகம், அதாவது மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற விகிதம். C என்பது பெய்த மழையில் எத்தனை பங்கு மேலோட்டமாக ஓடி வரும் என்ற எண். 0.30 என்றால் உச்ச நேரத்தில் பத்தில் மூன்று பங்கு ஓடி வருகிறது என்று பொருள்.

360 எங்கிருந்து வந்தது? ஒரு ஹெக்டேரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது 10 கனமீட்டர் தண்ணீர். ஒரு மணிக்கு 3,600 நொடி. 3,600-ஐ 10-ஆல் வகுத்தால் 360. அவ்வளவுதான். ஏக்கரும் அங்குலமும் பழகியவர்களுக்கு இன்னும் எளிது. பரப்பை ஏக்கரிலும் மழையை மணிக்கு அங்குலத்திலும் போட்டால் எதனாலும் வகுக்க வேண்டாம். பெருக்கி வருவதே ஏறக்குறைய நொடிக்கு எத்தனை கனஅடி என்ற விடை.

பரப்பு: நடந்து பார்த்தால்தான் தெரியும்

அந்த விவசாயியின் சொந்த நிலம் 4 ஏக்கர். ஆனால் குட்டைக்குத் தண்ணீர் வருவது அந்த 4 ஏக்கரிலிருந்து மட்டுமல்ல. மேற்கே உள்ள பாறைக் குன்று, அதன் கீழுள்ள மேய்ச்சல் புறம்போக்கு, அதற்கும் கீழே ஐந்தாறு பேரின் சோளக் காடு, நிலக்கடலைக் காடு எல்லாம் சேர்ந்து ஒரே வாரியில் வடிந்து இந்தக் குட்டைக்கு வருகின்றன.

கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரியும் மேட்டின் மீது நடந்து, வரைபடத்தில் கோடு போட்டோம். சந்தேகமான இடங்களில் ஆடு மேய்ப்பவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். கோட்டுக்குள் விழுந்த புல எண்களின் பரப்பைக் கூட்டியபோது 18 ஹெக்டேர் வந்தது. ஏறத்தாழ 44 ஏக்கர். 4 ஏக்கருக்கு நினைத்த மறுகாலுக்கு 44 ஏக்கர் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

நடக்கும்போது தார்ச்சாலைகளைக் கவனிக்க வேண்டும். புதிதாகச் சாலை உயர்த்தி, ஒரு குழாய்ப் பாலம் போட்டிருந்தால், வேறு பக்கம் போய்க்கொண்டிருந்த தண்ணீர் இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கலாம். பழைய வரைபடத்தில் அது தெரியாது.

ஓடிவரும் பங்கு

C எண்ணுக்கு மண், சரிவு, நிலப் பயன்பாடு மூன்றையும் வைத்துப் பாடநூல்களில் அட்டவணை உண்டு. சரிவு 5 சதவீதத்துக்குள் உள்ள மணல் கலந்த செம்மண் சாகுபடி நிலத்துக்கு 0.30. அதே சரிவில் கரிசல் போன்ற களிமண் என்றால் 0.60. மண் மாறினால் தண்ணீர் இரண்டு மடங்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். பக்கத்து ஊர்க் கரிசல் காட்டு அளவை நம் செம்மண் காட்டுக்கோ, நம் அளவை அவர்களுக்கோ பொருத்தக் கூடாது.

இங்கே சாகுபடி நிலம் 10 ஹெக்டேர், அதற்கு 0.30. சரிவு கூடுதலான மேய்ச்சல் நிலம் 6 ஹெக்டேர், அதற்கு 0.36. வெறும் பாறை 2 ஹெக்டேர், அதற்கு 0.80. ஒவ்வொரு பரப்பையும் அதன் எண்ணால் பெருக்கினால் 3.00, 2.16, 1.60. கூட்டினால் 6.76. இதை 18-ஆல் வகுத்தால் 0.38 வருகிறது. மொத்த நிலத்துக்கும் இதுவே C.

எந்த மழையை எடுப்பது?

தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். 'நாள் மழை' என்று செய்தித்தாளில் வரும் அளவு இந்தக் கணக்குக்கு உதவாது. நமக்கு வேண்டியது மொத்த மழை அல்ல, மழையின் வேகம். அதையும் எத்தனை நிமிடத்துக்குப் பார்க்க வேண்டும்?

நீர்ப்பிடிப்பின் கடைக்கோடியில், அந்தப் பாறைக் குன்றின் உச்சியில் விழுந்த துளி குட்டைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுமோ, அந்த நேரத்துக்குத்தான் பார்க்க வேண்டும். இதை 'நீர் கூடும் நேரம்' எனலாம். ஏன் அந்த நேரம்? மழை அதைவிடக் குறைந்த நேரம் பெய்து நின்றால், தூரத்துத் தண்ணீர் வந்து சேரும் முன்பே பக்கத்துத் தண்ணீர் வடிந்து போயிருக்கும். எல்லா நிலமும் ஒரே நேரத்தில் தண்ணீர் தராது. அதைவிட அதிக நேரம் பெய்தால் எல்லா நிலமும் தண்ணீர் தரும், ஆனால் நீண்ட மழையின் சராசரி வேகம் குறைவாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே, கடைசித் துளியும் வந்து சேரும் அந்த நேரத்தில்தான் உச்சம்.

இந்த நேரத்தைக் கணக்கிட 1940-ல் கிர்பிச் என்பவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துச் சிறு நீர்ப்பிடிப்புகளின் அளவுகளிலிருந்து ஒரு சூத்திரம் தந்தார்:

Tc = 0.0195 × L^0.77 × S^(-0.385)

Tc நிமிடத்தில் வரும். L என்பது கடைக்கோடியிலிருந்து குட்டை வரை தண்ணீர் வரும் வழியின் நீளம், மீட்டரில். நேர்க்கோட்டுத் தூரம் அல்ல, வாரி வளைந்து வந்தால் வளைந்தபடியே அளக்க வேண்டும். S என்பது சரிவு. மேல் முனைக்கும் குட்டைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை L-ஆல் வகுத்தால் வரும். தண்ணீர் நிரப்பிய தெளிவான டியூப்பை வைத்து இரண்டு பேர் அரை நாளில் இந்த உயரத்தை எடுத்துவிடலாம்.

இங்கே நீளம் 700 மீட்டர், உயர வித்தியாசம் 14 மீட்டர். ஆகவே சரிவு 0.02, அதாவது 2 சதவீதம். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரைக் குறுக்காகத் திருப்பினால் அடுக்கு போடும் பொத்தான் வரும். கணக்கிட்டால் 13.6 நிமிடம். 14 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அடுக்குக் கணக்கு சிரமம் என்றால் இதை ஒப்பீடாக வைத்துக்கொள்ளலாம்: 2 சதவீதச் சரிவில் 300 மீட்டருக்கு 7 நிமிடம், 500 மீட்டருக்கு பத்தரை நிமிடம், 1,000 மீட்டருக்கு 18 நிமிடம்.

44 ஏக்கரின் கடைசித் துளி கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது! விவசாயி நம்பவில்லை. "மழை விட்டு ஒரு மணி நேரம் வாரி ஓடுதே சார்" என்றார். ஓடும், அது வடியும் தண்ணீர். கரையை உடைப்பது அதற்கு முன்னால் வரும் முதல் மோதல்.

14 நிமிட மழையின் வேகம்

எந்த ஊரில், எத்தனை நிமிடத்துக்கு, எவ்வளவு வேகமான மழை எதிர்பார்க்கலாம் என்பதை டேராடூனில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1979-ல் நாட்டின் பல மழைமானி நிலையங்களுக்குச் சூத்திரமாக வெளியிட்டார்கள். திருச்சிக்கான சூத்திரம்:

I = 7.135 × T^0.1638 ÷ (t + 0.5)^0.9624

இதில் t மணியில், I மணிக்கு சென்டிமீட்டரில். T என்பது எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை என்பது. 14 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் t = 0.233 மணி. 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு, I மணிக்கு 14 செ.மீ., அதாவது 140 மி.மீ. 25 ஆண்டு மழைக்கு 163 மி.மீ.

மணிக்கு 140 மி.மீ. என்றதும் ஒரு மணி நேரத்தில் 14 செ.மீ. கொட்டும் என்று நினைக்க வேண்டாம். அந்த வேகத்தில் 14 நிமிடம் மட்டும் பெய்யும். மொத்தம் 3.3 செ.மீ.தான். கோடை இடி மழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் இப்படி ஒரு கால் மணி நேரத்தைப் பார்க்காத விவசாயி இல்லை.

இனி விடை: 0.38 × 140 × 18 ÷ 360 = 2.66. நொடிக்கு 2.66 கனமீட்டர், சுமார் 94 கனஅடி. 25 ஆண்டு மழைக்கு 3.1 கனமீட்டர், சுமார் 109 கனஅடி.

மேலே சொன்ன 'உச்சம்' உண்மைதானா என்று சோதித்தும் பார்க்கலாம். 7 நிமிட மழைக்கு வேகம் 166 மி.மீ. ஆனால் பாதி நிலம்தான் தண்ணீர் தரும் என்று வைத்தால் 1.58 கனமீட்டர். 30 நிமிட மழைக்கு மொத்த நிலமும் தரும், ஆனால் வேகம் 104 மி.மீ. மட்டுமே, விடை 1.98. இரண்டும் 2.66-ஐ விடக் குறைவு.

ஒரு மணி நேர மழை வேகமான 70 மி.மீ.-ஐ எடுத்திருந்தால்? 1.33 கனமீட்டர் என்று வந்திருக்கும். சரியாகப் பாதி. இந்த ஒரு தவறால் மறுகாலின் அகலமும் பாதியாகிவிடும்.

கரை ஏன் உடைந்தது?

மறுகால் வழியாக எவ்வளவு தண்ணீர் வெளியேறும் என்பதற்கும் கணக்கு உண்டு. அகலமான தளம் உள்ள மறுகாலுக்கு:

Q = 1.7 × அகலம் × h^1.5

h என்பது மறுகால் தளத்துக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரம். அகலமும் உயரமும் மீட்டரில். இந்தக் குட்டையின் மறுகால் அகலம் 5 அடி, அதாவது 1.5 மீட்டர். தளத்திலிருந்து கரையின் தலை வரை 60 செ.மீ. தண்ணீர் கரையின் தலையைத் தொடும்போது வெளியேறுவது நொடிக்கு 1.19 கனமீட்டர். அதற்கு மேல் வந்தால் கரை மீதுதான் வழிய வேண்டும்.

இப்போது அவருடைய கேள்விக்கு வருவோம். போன வருடத்து 14 செ.மீ. மழை காலையிலிருந்து மறுநாள் விடியும் முன்வரை சுமார் 20 மணி நேரம் சீராகப் பெய்தது. மணிக்கு 7 மி.மீ. விடை 0.13 கனமீட்டர். 5 அடி மறுகாலுக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த வருடத்து 8 செ.மீ.-இல் 6 செ.மீ. அந்தி நேரத்தில் 40 நிமிடத்தில் கொட்டியது என்று அவரே சொன்னார். மணிக்கு 90 மி.மீ. குட்டை ஏற்கெனவே நிரம்பி இருந்தது. வந்தது 1.7 கனமீட்டர், வெளியே போக முடிந்தது 1.19. மீதி நொடிக்கு அரைக் கனமீட்டர், அதாவது 500 லிட்டர், கரையில் தாழ்வான ஓர் இடத்தைத் தேடி வழிந்தது. இத்தனைக்கும் அது 10 ஆண்டு மழைக்குக் கணக்கிட்ட 2.66 கனமீட்டரைவிடக் குறைவுதான்.

எத்தனை ஆண்டு மழைக்குக் கட்டுவது?

'10 ஆண்டு மழை' என்றால் பத்து ஆண்டு நிம்மதி என்று பொருள் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. அடுத்த பத்து ஆண்டுகளில் ஒருமுறையாவது அது வந்துவிட 65 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 25 ஆண்டு மழை என்றால் அதே பத்து ஆண்டில் 34 சதவீதம். வயல் வரப்பு வடிகால் உடைந்தால் ஒரு நாள் வேலையில் சரிசெய்யலாம், அதற்கு 10 ஆண்டு போதும். குட்டைக் கரை உடைந்தால் கீழே உள்ளவர் நிலத்தில் மணல் ஏறும். இங்கே கீழே வெங்காயம் போட்ட காடு இருந்தது. ஆகவே 25 ஆண்டு மழை, 3.1 கனமீட்டர் என்று முடிவு செய்தோம்.

3.1 கனமீட்டர் வெளியேற இரண்டு வழி. மறுகாலில் தண்ணீர் 45 செ.மீ. உயரம் ஓடலாம் என்றால் 6 மீட்டர் அகலம் போதும். ஆனால் கரைத் தலைக்கு 15 செ.மீ.தான் மிச்சம். அது போதாது, கரையை உயர்த்த வேண்டும். 30 செ.மீ. உயரம்தான் ஓட வேண்டும் என்றால் 11 மீட்டர், சுமார் 36 அடி அகலம் வேண்டும். கரைக்கு 30 செ.மீ. மிச்சம் இருக்கும், தண்ணீர் மெல்லிய படலமாக ஓடுவதால் தளம் அரிப்பதும் குறையும்.

5 அடி எங்கே, 36 அடி எங்கே என்று அவருக்கு முதலில் மலைப்பு. ஆனால் கரையை உயர்த்த மண் அடிக்கும் செலவைவிட, கெட்டியான பக்கவாட்டு மேட்டில் அகலமாகச் செதுக்குவது குறைவாக இருந்தது. தளத்தை ஒரே மட்டமாக எடுத்து, கல் பாவி, இறங்கும் சரிவில் வெட்டிவேர் வைத்தோம்.

அகலத்துக்கு இன்னொரு நன்மை உண்டு. C எண் நிலையானது அல்ல. ஐப்பசியின் முதல் மழையை உறிஞ்சும் அதே நிலம், கார்த்திகையில் ஊறி நிற்கும்போது உறிஞ்சாது. 0.38 என்பது 0.50 ஆனால், 10 ஆண்டு மழைக்கே 3.5 கனமீட்டர் வரும். 11 மீட்டர் மறுகாலில் அப்போதும் தண்ணீர் 33 செ.மீ.தான் நிற்கும்.

எங்கே இந்தக் கணக்கு பொருந்தாது?

மொத்த நீர்ப்பிடிப்பிலும் ஒரே வேகத்தில் மழை பெய்கிறது என்று எடுத்துக்கொள்வதே இந்த முறையின் அடிப்படை. பெரிய நிலத்தில் அது நடக்காது. 80 ஹெக்டேர், அதாவது 200 ஏக்கர் வரை நம்பிப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் பொறியாளரைக் கலந்துகொள்ள வேண்டும்.

மேலே ஏரியோ, பெரிய தடுப்பணையோ இருந்தால் அது தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். இந்தச் சூத்திரம் அதை அறியாது. அதேபோல் தண்ணீர் சிமென்ட் வாய்க்காலில் வந்தால் கிர்பிச் நேரத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வது வழக்கம். வாரியைச் சிமென்ட் வாய்க்காலாக மாற்றினால் கீழே உள்ள மறுகால்களையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

பாறை போன்ற வேகமாக வடியும் பகுதி குட்டைக்கு மிக அருகில் பெரிய அளவில் இருந்தால், அதற்கு மட்டும் தனியாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு விடைகளில் பெரியதை எடுக்க வேண்டும்.

மழைக்குப் பின் ஒரு அளவு

கணக்கு சரியா என்று மழையே சொல்லிவிடும். பெருமழை நின்றதும் குட்டையின் உட்கரையில் சருகும் நுரையும் ஒட்டிய கோடு இருக்கும். மறுகால் தளத்துக்கு மேல் அந்தக் கோடு எத்தனை செ.மீ. என்று அளந்து கொள்ளுங்கள். மறுகாலின் விளிம்பில் தண்ணீர் சரிந்து இறங்கும், அங்கே அளந்தால் குறைவாக வரும். சற்று உள்ளே, தண்ணீர் மட்டமாக நின்ற இடத்தில் அளக்க வேண்டும். கோடு 22 செ.மீ. மேலே இருந்தால், 11 மீட்டர் மறுகாலில் 1.93 கனமீட்டர் போயிருக்கிறது.

அந்த மழையில் 14 நிமிடத்தில் 25 மி.மீ. பெய்தது என்று வைத்துக்கொண்டால், வேகம் மணிக்கு 107 மி.மீ. நம் சூத்திரம் 2.03 கனமீட்டர் சொல்லும். இவ்வளவு நெருங்கி வந்தால் C எண்ணை நம்பலாம். அளந்தது கணக்கைவிட மிக அதிகமாக இருந்தால், பரப்பை மறுபடி நடந்து பாருங்கள். எங்கோ ஒரு வரப்பு உடைந்து, வேறு ஒரு வாரியின் தண்ணீர் நம் பக்கம் வந்துகொண்டிருக்கும்.

அந்த விவசாயி இப்போது நேரான சுவர் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, பலத்த மழையில் கால் மணிக்கு ஒருமுறை அளவுகோலை விட்டுப் பார்த்து நாட்காட்டியில் எழுதிவைக்கிறார். அவருக்கு வேண்டியது நாள் மழை அல்ல, அந்தக் கால் மணி மழை.